ஆறாம் மாதத்தில் வரும் ஆயா

வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா தேடும் படலம், சென்னை போன்ற ஊர்களில் பெரும்பாலும் குழந்தைக்கு ஐந்து மாதம் நடக்கும்போது தொடங்குகிறது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் முன்னதாக விடுப்பில் போன தாய், குழந்தைக்கு ஏறக்குறைய ஐந்தேகால் மாதம் ஆகும்போது அலுவலகம் திரும்ப வேண்டும். அதே சமயத்தில்தான் குழந்தையின் நாளும் தலைகீழாகிறது. தாய்ப்பால் மட்டும் என்றிருந்தது போய் ஆறு மாதம் நிறைந்ததும் கூழும் பருப்புச் சோறும் வருகின்றன. குப்புற விழுந்துகொண்டிருந்த பிள்ளை நகரத் தொடங்குகிறது. கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகிறது.

ஆகவே வருகிற ஆயா, ஏற்கெனவே ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை ஏற்றுக்கொள்வதில்லை. தாய்க்கே புதிதான ஒரு கட்டத்தை முதல் நாளிலிருந்து கையில் எடுக்கிறார். விடுப்பு முடியும் தேதிக்கு முந்தின வாரம் ஆளைச் சேர்ப்பது இதனால்தான் பெரும்பாலும் சரிப்படுவதில்லை. தேட ஆறு வாரம், தாய் வீட்டில் இருக்கும்போதே பழக்க மூன்று வாரம் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவது நல்லது.

ஆள் தேடுவது

ஆட்கள் இரண்டு வழியில் வருகிறார்கள். ஒன்று, தெரிந்தவர் சொல்லி வருவது. மற்றது ஏஜென்சி. ஏஜென்சிகள் ஒரு மாதச் சம்பளத்தையோ அதில் பாதியையோ கமிஷனாகக் கேட்பதும், குறிப்பிட்ட காலத்துக்குள் ஆள் நின்றுபோனால் வேறு ஆள் தருவதாகச் சொல்வதும் வழக்கம். 'வேறு ஆள்' என்பதற்கு எத்தனை நாள், எத்தனை முறை, அதுவரை கமிஷன் யார் கையில் என்ற மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டும். சில ஏஜென்சிகள் ஆயாவின் சம்பளத்தையும் தாங்களே வாங்கி, ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கின்றன. குடும்பம் கொடுக்கும் தொகையும் ஆயாவின் கைக்குப் போகும் தொகையும் வேறு வேறு என்றால், அந்த ஆயா அதிக நாள் நிற்க மாட்டார். சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

வயது 18க்கு மேல் இருக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டிலிருந்தே தடை. 'அக்கா பொண்ணு, சும்மா கூடமாட இருப்பா' என்று ஒரு சிறுமியையும் சேர்த்து அழைத்துவந்தால் அதற்கு ஒப்பக் கூடாது. ஆதார் நகல் எடுத்துக்கொள்ளலாம். அசலை வாங்கிப் பீரோவில் பூட்டுவது தவறு. வீட்டுப் பணியாளர்களுக்காக 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189ஆம் எண் உடன்படிக்கை, அடையாள ஆவணங்கள் பணியாளர் கையிலேயே இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. காவல்துறை மூலம் முன்னடத்தை சரிபார்க்கும் வசதி தமிழ்நாட்டில் உண்டு. அது வழக்கு ஏதும் இருக்கிறதா என்றுதான் சொல்லும். குழந்தை அழுதால் அந்த ஆயா என்ன செய்வார் என்று அது சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் முன்பு வேலைக்கு வைத்திருந்தவர். அவரிடம் 'நல்லவங்களா?' என்று கேட்டால் 'நல்லவங்கதான்' என்ற பதில்தான் வரும். 'கடைசி நாள் எப்படிப் போனாங்க? சொல்லிட்டுப் போனாங்களா? உங்க குழந்தைக்கு அப்போ என்ன வயசு?' என்று கேட்டால் விஷயம் வெளிவரும். மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி அழைத்துவந்த அனுபவமும் ஆறு மாதப் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்த அனுபவமும் ஒன்றல்ல.

நேரில் பேசும்போதும் கேள்வி நடந்த சம்பவத்தைப் பற்றியதாக இருப்பது பயன் தரும். பாலைக் குடித்துக்கொண்டே பிள்ளை தூங்கிவிட்டால் மிச்சப் பாலை என்ன செய்வீர்கள்? ஒரு மணி நேரமாக அழுகை நிற்கவில்லை என்றால்? கடைசியாகப் பார்த்த குழந்தை எப்போதாவது கீழே விழுந்ததா? 'என் கையில விழுந்ததே இல்லை' என்பவரைவிட, 'ஒரு தடவை கட்டில்லேர்ந்து உருண்டுடுச்சு, உடனே அவங்கம்மாவுக்குப் போன் போட்டேன்' என்பவரை நம்பலாம். விழாத குழந்தை இல்லை. மறைக்காத ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சேர்ப்பதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை, குடும்பத்தின் செலவில் நடக்க வேண்டும். அதில் மார்பு எக்ஸ்ரே முக்கியம். காசநோய் பெரியவர்களிடம் வெறும் இருமலாகத் தெரியலாம். கைக்குழந்தைக்குத் தொற்றினால் மூளைவரை பரவக்கூடும். முடிவு என்னவானாலும் அதை அவரிடம் சொல்லி, சிகிச்சை தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவது சேர்க்காதவர்களுக்கும் கடமை.

வேலை எது, எது இல்லை

ஆயாக்கள் வேலையை விட்டுப் போவதற்குச் சம்பளக் குறைவைக் காரணமாகச் சொல்வார்கள். பேசிப்பார்த்தால் உள்ளே வேறொன்று இருக்கும்: சொல்லாமல் சேர்ந்துகொண்டே போன வேலை. முதல் வாரம் குழந்தையின் துணி மட்டும். இரண்டாம் வாரம் வாஷிங் மெஷினில் எல்லோருடைய துணியும். மூன்றாம் வாரம் சமையல்கார அம்மா வரவில்லை என்று ஒரு நாள் சாதம் வைக்கச் சொல்வது. 'குழந்தை தூங்கும்போது சும்மாதானே இருக்காங்க' என்ற ஒரு வாக்கியத்திலிருந்து இத்தனையும் கிளைக்கிறது. குழந்தை தூங்கும் நேரம் சும்மா இருக்கும் நேரமன்று. பாட்டிலைக் கொதிக்கவைப்பதும், அடுத்த வேளைக்குக் கூழ் காய்ச்சுவதும், தான் சாப்பிடுவதும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான். அதில் இன்னொரு வேலை ஏறினால் அடுப்பில் ஒரு கண்ணும் குழந்தைமேல் ஒரு கண்ணுமாகத்தான் நாள் போகும்.

ஒரு மாதிரி உடன்பாட்டைப் பார்க்கலாம். பெருங்குடியில் இரண்டு படுக்கையறை வீடு. கணவன் மனைவி இருவருக்கும் வேலை. காலை 8 மணிக்குக் கிளம்பினால் மாலை 7 மணிக்குத் திரும்புவார்கள். ஆயா திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 45 வயதுப் பெண். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்று பேசி முடிந்தது. ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறார்கள்.

தாளில் முதலில் வருவது ஆயாவின் வேலை: குழந்தைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, விளையாட்டுக் காட்டுவது, குழந்தையின் துணி, பாட்டில், கிண்ணம், குழந்தை இருக்கும் இடத்தின் சுத்தம். அடுத்து, அவருடையது அல்லாதவை: பெரியவர்களின் சமையல், பாத்திரம், வீடு துடைப்பது, கடைக்குப் போவது. இந்த இரண்டாவது பட்டியலை எழுத வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், ஏதோ உரிமையை விட்டுக்கொடுப்பதுபோல. தாளில் உள்ளவற்றிலேயே அதிகம் உதவுவது அதுதான். மாமியாரோ விருந்தாளியோ ஏதாவது சொல்லும்போது, 'அது இவங்க வேலை இல்லம்மா' என்று வீட்டுக்காரரே சொல்வதற்கு அது ஒரு பிடிமானம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை 8 முதல் மாலை 7 வரை 11 மணி நேரம் ஆயா தனியே குழந்தையுடன் இருக்கிறார். இடையில் ஓய்வு என்று எழுதினாலும் அது ஓய்வாக இராது. பிள்ளையை விட்டு நகர முடியாது. ஆகவே அவர் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை, அதாவது 8 மணிவரை, பெற்றோரில் ஒருவர் குழந்தையை வைத்திருக்க வேண்டும். மாலை 7.30க்குப் பிறகு குழந்தை பெற்றோரிடம். அதன் பிறகு ஆயா டிவி பார்க்கலாம், வீட்டுக்குப் பேசலாம், கீழே இறங்கி நடந்துவிட்டு வரலாம். 'வீட்டிலேயேதானே இருக்காங்க' என்பதால் ஒன்பது மணிக்கும் 'கொஞ்சம் புடிங்க' என்று நீட்டினால், வேலை நாள் 11 மணி நேரமாக இராது, 13ஐத் தாண்டிவிடும்.

இரவு யாருடையது என்பது தனியாகத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. தாய்ப்பால் தொடரும் வீட்டில் இரவு பெற்றோருடையதாக இருப்பதே எளிது. மேற்சொன்ன உடன்பாட்டில் இரவு முழுவதும் பெற்றோர் பொறுப்பு. கட்டாயமாக ஆயா விழிக்க வேண்டிய இரவு வந்தால் மறுநாள் காலை 10 மணிவரை அவருக்குத் தூக்கம். இரவுப் பொறுப்பையும் ஆயாவிடமே கொடுக்கும் வீடுகள் உண்டு. அப்படியானால் பகலில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். இரவு மூன்று முறை எழுந்தவரிடம் பகலில் 11 மணி நேரம் தவழும் பிள்ளையை விடுவது, தூக்கம் கெட்ட ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுப்பதுதான். கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கணக்கிடச் சொல்கிறது 189ஆம் உடன்படிக்கை.

விடுப்பு மாதம் 4 நாள், சேர்த்து எடுத்து ஊருக்குப் போகலாம், பஸ் கட்டணம் குடும்பத்தின் பொறுப்பு என்று எழுதுகிறார்கள். ஊருக்குப் போகாத ஞாயிறுகளில் மதியத்துக்குப் பிறகு வேலை இல்லை. எடுக்காத விடுப்புக்கு நாளுக்கு 700 ரூபாய், 21,000ஐ 30ஆல் வகுத்தது. முன்பணம் கேட்டால் கொடுக்கலாம். மாதம் இவ்வளவு பிடிப்பது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் 'அட்வான்ஸ் தீரும்வரை போகக் கூடாது' என்று எழுதினால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டம் குறுக்கே வரும். கடன் வேறு, வேலையில் நிற்பது வேறு.

படுக்க இடம், சொந்தச் சாமான்களுக்குப் பூட்டுள்ள ஓர் அலமாரி, குடும்பம் உண்ணும் அதே உணவு ஆகியவையும் தாளில் இருக்க வேண்டும். கேமரா வைப்பதாயிருந்தால் எங்கே வைத்திருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். அவர் படுக்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் அவர் உறுப்பினரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவுக்கு அரை நாள் விடுப்புக் கொடுப்பது குடும்பத்துக்குப் பெரிய செலவில்லை.

பதினைந்து நாள்

பரீட்சார்த்தக் காலம் என்பதைப் பல வீடுகள் 'பிடிச்சா வெச்சுக்கலாம்' என்ற அளவில் விட்டுவிடுகின்றன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பதினைந்து நாள் ஓடினால், பதினாறாம் நாள் மனத்தில் நிற்பது அவர் சிரித்துப் பேசுகிறாரா என்பது மட்டுமே. இந்தக் காலத்துக்கு முழுச் சம்பள விகிதத்தில் பணம் உண்டு. மேற்சொன்ன கணக்கில் 10,500 ரூபாய். எந்தப் பக்கம் வேண்டாம் என்றாலும் வேலை செய்த நாளுக்குப் பணமும் ஊருக்குப் போகப் பஸ் கட்டணமும் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நாள் தாய் செய்கிறார், ஆயா உடன் இருந்து பார்க்கிறார். குழந்தைக்குப் புது முகம் பழக அந்த நாட்கள் தேவை; ஆறு மாதத்துக்குப் பிறகு அந்நியரைக் கண்டு அழுவது கூடிக்கொண்டே போகும். அடுத்த ஐந்து நாள் ஆயா செய்கிறார், தாய் பக்கத்தில் இருக்கிறார். இந்த ஐந்து நாளில் தாய்க்குக் கை துறுதுறுவென்று வரும். குழந்தை சிணுங்கிய உடனே எழுந்து ஓடினால் ஆயாவுக்கும் கை வராது, குழந்தையும் அவரிடம் அடங்காது. கடைசி ஐந்து நாள் தாய் வெளியே போகிறார்: முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு அரை நாள், பிறகு முழு நாள். ஒரு நாள் சொல்லாமல் சீக்கிரம் திரும்புவதும் இதில் உண்டு. அதை ஒளித்துச் செய்யத் தேவையில்லை, 'நடுவுல எப்போ வேணா வருவேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் பலன் ஒன்றுதான்.

இந்தக் காலத்தில் உற்றுப் பார்க்க வேண்டியவை சில. ஊட்டுவதற்கு முன் சொல்லாமலே கை கழுவுகிறாரா? குழந்தை வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் நிறுத்துகிறாரா, அல்லது மூக்கைப் பிடித்து ஊற்றுகிறாரா? போன் எங்கே இருக்கிறது? தப்பு நடந்தால் தானே வந்து சொல்கிறாரா? சமையல் மெதுவாக வருவது, மைக்ரோவேவ் தெரியாதது, படிக்கத் தெரியாதது எல்லாம் பழக்கத்தில் சரியாகும். முரட்டுக் கையும் மறைக்கும் குணமும் பதினைந்து நாளில் மாறாது.

குழந்தையும் சொல்லும். முதல் வாரம் அழுவது இயல்பு. இரண்டாம் வார முடிவிலும் ஆயாவைக் கண்டால் விறைத்துக்கொள்வது, பகலில் நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் அசந்து தூங்கிவிட்டு எழுந்தும் மந்தமாகக் கிடப்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பிந்தியதற்குத் தூங்கவைக்கும் இருமல் மருந்துகூடக் காரணமாக இருக்கலாம் என்பதைக் குழந்தை மருத்துவர்கள் அறிவார்கள். சந்தேகம் வந்தால் வீட்டில் சண்டை போடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஊட்டுவதற்கான விதிகள்

விதிகள் குறைவாக இருக்க வேண்டும், காரணத்தோடு சொல்லப்பட வேண்டும். காரணம் தெரியாத விதி, வீட்டுக்காரர் கதவைச் சாத்திய மறு நிமிடம் மறந்துபோகும்.

பிழிந்து வைத்த தாய்ப்பால், அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டாவிட்டால் 4 மணி நேரம் வெளியில் இருக்கலாம். சென்னையில் அந்த வெப்பம் மார்கழி இரவில்தான் கிடைக்கும். எனவே பிழிந்ததும் குளிர்பெட்டிக்குள் போவதே விதி. கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்புறமாக, தேதியும் நேரமும் எழுதி. சூடாக்க, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாட்டிலை நிறுத்தினால் போதும். அடுப்பில் வைப்பதும் மைக்ரோவேவும் கூடாது. குழந்தை வாய்வைத்த பாலில் மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதன்பின் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதற்கு ஆயாவுக்கு மனம் வராது. தாய் மணிக்கணக்கில் உட்கார்ந்து பிழிந்ததை அவரே பார்த்திருக்கிறார். 'கொட்டினால் திட்ட மாட்டேன்' என்று தாய் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பவுடர் பாலில் வரும் தவறு வேறு வகை. டின்னில் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப், தலைதட்டி, என்று போட்டிருக்கும். கொதித்து, 70 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்கும் தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு பவுடரைப் போட்டுக் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். 'கெட்டியா குடுத்தா செரிக்காது, மலம் கட்டிக்கும்' என்ற நம்பிக்கையில் 180 மில்லிக்கு ஆறு ஸ்கூப்புக்குப் பதில் நான்கு போடும் வழக்கம் பரவலாக உண்டு. கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு எடை ஏறாமல் நிற்கும். மிக அதிகமாக நீர்த்துப்போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம்.

இதைக் கண்டுபிடிக்கக் கேமரா வேண்டாம், டின் போதும். ஒரு நாளில் 180 மில்லி வீதம் இரண்டு வேளை என்றால் 12 ஸ்கூப். ஒரு ஸ்கூப் சுமார் 4.5 கிராம் என்று வைத்தால் (சரியான எடை டின்னிலேயே அச்சாகியிருக்கும்) நாளுக்கு 54 கிராம். 400 கிராம் டின் ஏழெட்டு நாளில் தீர வேண்டும். ஆயா நாள்தோறும் எழுதும் நோட்டில் இரண்டு வேளையும் முழுதாகக் குடித்ததாக எழுதியிருக்க, டின் பதினொரு நாள் வந்தால், பவுடர் குறைகிறது என்று பொருள். அப்போது குற்றம் சாட்டுவதைவிட, ஒரு வேளைப் பாலைத் தன் முன்னால் கலக்கச் சொல்லிப் பார்ப்பதில் விடை கிடைத்துவிடும்.

ஆறு மாதம் முடிந்ததும் தொடங்கும் உணவில், கேழ்வரகுக் கூழோ, குழைத்த பருப்புச் சோறோ, மசித்த இட்லியோ, எதுவானாலும் பதம் ஒன்றுதான்: கரண்டியைச் சாய்த்தால் ஓடி விழக் கூடாது. தண்ணீராகக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் நிறைந்தது வயிறு மட்டும். எட்டு மாதம்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. புதிய உணவு ஏதானாலும் முதல் வாய் பெற்றோர் வீட்டில் இருக்கும் நாளில். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. நாக்கில் தொட்டுவைப்பதும் அதில் அடங்கும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்குள் தேவையில்லை.

ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாலாடையோ சங்கோ பயன்படுத்தும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடியில் மல்லாத்திப் போட்டுத் தொண்டையில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் பழையது. புரையேறி நுரையீரலுக்குள் போகும் வழியும் அதுவே. நிலக்கடலை, சுண்டல், முழுத் திராட்சை, முறுக்குத் துண்டு ஆகியவை இந்த வயதில் வீட்டுத் தரையிலேயே கிடக்கக் கூடாது.

குளியல், மருந்து, தரை

குளிப்பாட்டுவதில் ஆயாக்களுக்குத் தனிப் பெருமை உண்டு, அது நியாயமானதும்கூட. எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் அவர்களுக்குள்ள கை பெரும்பாலான தாய்மாருக்குக் கிடையாது. அதை அவரிடமே விட்டுவிடலாம். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய்வைத்து ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. இதை 'நீங்க செய்யறது தப்பு' என்று தொடங்கினால் பேச்சு முறிந்துவிடும். தடுப்பூசிக்குப் போகும்போது ஆயாவையும் அழைத்துப்போய், மருத்துவரையே சொல்லச் சொன்னால் அவருடைய மதிப்பும் குறையாது.

குளியலறை வாளிதான் வீட்டில் உள்ள பெரிய ஆபத்து. தண்ணீர் நேரத்துக்கு வரும் ஊரில் எல்லா வாளியும் எப்போதும் நிறைந்திருக்கும். எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், தானாக எழ முடியாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே மூழ்கப் போதும், சத்தமும் கேட்காது. வாளியைக் கவிழ்த்துவைப்பது, முடியாவிட்டால் மூடிவைப்பது, குளியலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போடுவது என்பவை குடும்பம் செய்து முடிக்க வேண்டியவை. 'கவனமா இருங்க' என்று ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போவது இதற்கு மாற்றாகாது. பகலில் அவர் கழிப்பறைக்குப் போகும் ஐந்து நிமிடம் பிள்ளை எங்கே இருக்கும் என்பதற்கும் விடை வேண்டும். கம்பித் தடுப்புள்ள தொட்டிலில். நடைவண்டியில் அல்ல, சக்கரம் வைத்த அந்த வண்டியில் குழந்தை பாய்ந்து படியில் உருளும் விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.

மருந்து விதி ஒரே வரி: பெற்றோர் போனில் அளவு சொல்லாமல் எதுவும் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலிலேயே இதன் அவசியம் தெரியும். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருப்பது ஒரு வகை. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் அளவில் மருத்துவர் எழுதினால், சொட்டில் அது 1.2 மில்லி, சிரப்பில் ஏறக்குறைய 5 மில்லி. சிரப்பின் அளவு நினைவில் இருக்க, கையில் சொட்டு மருந்து பாட்டில் கிடைத்தால் நான்கு பங்கு மருந்து உள்ளே போய்விடும். வீட்டில் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதும், அளவை அந்தப் பாட்டிலின் மேலேயே கோடு போட்டு ஒட்டுவதும் உதவும்.

தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் செய்வதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, ஒரு துணிப் பொம்மையை வைத்து ஆயாவைச் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விட வேண்டும். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையின்மேல் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பின் மல்லாத்தி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். வெளிவரும்வரை மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். யாரையாவது கூவி அழைத்து 108ஐ அடிக்கச் சொல்ல வேண்டும். ஆயாவுக்கு வீட்டு விலாசம் சொல்லத் தெரியுமா என்பதை இங்கே சோதிக்கலாம். பிளாக் எண், மாடி எண், பக்கத்து அடையாளம் என எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நோட்டு

நாள்தோறும் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். நேரம், என்ன கொடுத்தது, எவ்வளவு உண்டது, ஈரத் துணி, மலம், தூக்கம் என்று ஆறு கட்டம். எழுதத் தெரியாதவர் என்றால் கோடு போடலாம், அல்லது மதியம் ஒரு குரல்பதிவு அனுப்பலாம். '11.30 கூழ் அரைக் கிண்ணம், பாதி துப்பியது. 12.15 முதல் 1.20 தூக்கம். ஈரம் 3' என்று இருந்தால் அது நம்பகமான நோட்டு. எல்லா நாளும் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு இருந்தால் அது மாலையில் உட்கார்ந்து எழுதியது. ஒரு நாளில் ஆறு ஈரத் துணிக்குக் குறைந்தால் பால் போதவில்லை என்று கொள்ளலாம். மாலை 7 மணிக்கு இருவரும் சேர்ந்து நோட்டைப் பார்க்கும் ஐந்து நிமிடம், தவறு கண்டுபிடிக்கும் விசாரணையாக இல்லாமல், வேலையை ஒப்படைத்து வாங்கும் நேரமாக இருந்தால்தான் 'இன்னைக்குக் கட்டில் ஓரத்துல தலை இடிச்சுக்கிச்சு' என்ற செய்தி தானாக வரும்.

பதினைந்தாம் நாள் தாளை மறுபடி எடுத்துப் படித்து, பொருந்தாததைத் திருத்திக் கையெழுத்திடுகிறார்கள். பெருங்குடிக் குடும்பத்தின் தாளில் அன்று சேரக்கூடிய வரி, எந்தப் பக்கம் முடித்துக்கொள்வதானாலும் ஒரு மாத முன்னறிவிப்பு என்பது. அந்த மாதத்தின் கடைசி மூன்று நாள், புதிய ஆயா வந்துவிட்டிருந்தால், பழையவரும் புதியவரும் சேர்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், பஸ் கட்டணம் மூன்றும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே கணக்கில் ஏறியிருக்கும்; நோட்டு மட்டும் வீட்டிலேயே இருக்கும், அடுத்து வருபவர் படிப்பதற்காக.